பாலிசியில் யார் பெயர்?

அயர்லாந்தில் கில்லிமூன் என்றொரு எஸ்டேட். அதன் உரிமையாளர் மக்கோரா, அங்கிருந்த மரங்கள் அத்தனையையும் 1919-இல் ஒரு மர அறுவைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். விலைக்குப் பதிலாகப் பெற்றது அந்தக் கம்பெனியின் 42,000 பங்குகள். கம்பெனியின் பங்கெல்லாம் அவர் கையிலும் அவருக்காகப் பெயர் கொடுத்தவர்கள் கையிலும்தான் இருந்தது. ஆக, மரம் இன்னும் தன்னுடையதுதான் என்று நினைத்துத் தன் சொந்தப் பெயரிலேயே தீ இன்சூரன்ஸ் எடுத்தார். 1922 பிப்ரவரியில் தீப்பிடித்து, வெட்டி வைத்த மரங்களில் பெரும்பகுதி சாம்பலானது. கிளைம் கேட்டுப் போனவரை காப்பீட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பின. வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1925-இல் வந்த தீர்ப்பு: மரம் கம்பெனியுடையது, பங்கு முழுவதையும் வைத்திருந்தாலும் அதில் ஒரு கட்டைகூட மக்கோராவுக்குச் சொந்தமில்லை, எனவே கிளைமும் இல்லை.

நம் உச்ச நீதிமன்றமும் 1955-இல் பச்சா குஸ்தார் என்ற வருமான வரி வழக்கில் இதே அடிப்படையைச் சொன்னது. பங்குதாரருக்குக் கம்பெனியின் லாபத்தில் பங்கு உண்டு, கம்பெனியின் சொத்தில் உரிமை கிடையாது. கம்பெனி கைமாறும்போதும் இன்னொன்றோடு இணையும்போதும் பாலிசிகளை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கான விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது. சொத்து இன்று யார் பெயரில் இருக்கிறது, பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பெயராக இருக்க வேண்டும்.

கம்பெனி கைமாறுவது பெரும்பாலும் மூன்று வகையில் நடக்கிறது. முதலாவது பங்கு மாற்றம். பழைய குடும்பம் தன் பங்குகளைப் புதியவருக்கு விற்கிறது. கம்பெனி அதே கம்பெனி, பான் எண் அதே, ஜி.எஸ்.டி. எண் அதே, கட்டடப் பத்திரத்தில் உள்ள பெயரும் அதே. தீ பாலிசியில் பெயர் மாற்ற வேண்டிய தேவையே எழாது. இரண்டாவது வகையில் கம்பெனியை விற்காமல் அதன் ஒரு தொழிலை மட்டும், ஆலை இயந்திரம் சரக்கு எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிடுகிறார்கள். இங்கே சொத்து ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போகிறது. மூன்றாவது இணைப்பு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்படி தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட, ஒரு கம்பெனி இன்னொன்றுக்குள் கரைந்து இல்லாமலே போகிறது. பாலிசியில் பெயர் எழுதப்பட்டிருக்கும் அந்த ஆளே உலகத்தில் இல்லை என்ற நிலை இங்கேதான் வரும்.

நம் ஊரில் ஆலைகள் வைத்திருக்கும் வழக்கமான தீ பாலிசியின் நிபந்தனைகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். காப்பீடு செய்த சொத்தின் மீதான உரிமை வேறொருவருக்குப் போனால், சேதம் நடப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதத்தை எண்டார்ஸ்மென்டாக வாங்கியிருக்க வேண்டும், இல்லையேல் அந்தச் சொத்துக்கு அன்றோடு காப்பீடு நின்றுவிடும் என்று அதில் இருக்கும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. உயில் மூலமாகவோ சட்டத்தின் செயல்பாட்டாலோ உரிமை மாறினால் இந்த நிபந்தனை பாதிக்காது. தொழிலை விற்றவருக்கு இந்த விலக்கு உதவாது, அது விருப்பத்தோடு செய்த விற்பனை. இணைந்த கம்பெனிக்காரர் மட்டும், ‘எங்களுடையது தீர்ப்பாய உத்தரவு, சட்டத்தின் செயல்பாடு’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்.

அந்த நிம்மதி நம்பத்தக்கது அல்ல என்பது என் கருத்து. ஜெனரல் ரேடியோ என்ற கம்பெனி இன்னொரு கம்பெனியோடு நீதிமன்ற உத்தரவால் இணைந்தபோது, அது வாடகைக்கு இருந்த கட்டடத்தின் உரிமையாளர், என் சம்மதம் இல்லாமல் வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார்கள் என்று காலி செய்யச் சொன்னார். கம்பெனி சொன்ன பதில், இது நாங்களாகச் செய்த மாற்றம் அல்ல, நீதிமன்ற உத்தரவால் தானாக நடந்தது என்பது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலை ஏற்கவில்லை. இணைப்பு வேண்டும் என்று மனுப் போட்டதே கம்பெனிகள்தானே, பிறகு எப்படித் தானாக நடந்தது ஆகும் என்று கேட்டது. அது வாடகைச் சட்ட வழக்கு, இன்சூரன்ஸ் வழக்கு அல்ல. ஆனால் பெரிய கிளைம் ஒன்று வரும் நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதை எடுத்து வைக்கத் தடை ஏதும் இல்லை. ஒரு பக்க எண்டார்ஸ்மென்ட் வாங்கியிருந்தால் இந்த வாதத்துக்கே இடமிருக்காது.

இணைப்பில் தேதிதான் ஆளைக் குழப்பும். ஒரே இணைப்புக்கு மூன்று தேதிகள் இருக்கும். திட்டத்தில் எழுதியிருக்கும் நியமிக்கப்பட்ட தேதி, பெரும்பாலும் கடந்துபோன ஒரு ஏப்ரல் 1. அடுத்தது தீர்ப்பாயம் உத்தரவிட்ட தேதி. மூன்றாவது, அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை ஐ.என்.சி-28 படிவத்தோடு கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் தேதி. இதற்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். பெரும்பாலான திட்டங்களில் இந்தத் தாக்கல் நாளே இணைப்பு நடைமுறைக்கு வரும் நாள். நடைமுறைக்கு வந்ததும் பழைய ஏப்ரல் 1 முதலே சொத்து புதிய கம்பெனியுடையது என்று கணக்கு திரும்பிவிடும். கணக்குக்கும் வரிக்கும் இது சரி. எண்டார்ஸ்மென்ட் மட்டும் சேதத்துக்குப் பிறகு எழுதினால் பின்தேதிக்குச் செல்லாது. அதனால்தான் உத்தரவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. போர்டு திட்டத்தை ஏற்றுக்கொண்ட உடனேயே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, இடைக்காலத்துக்கு இரண்டு கம்பெனிகளின் பெயரையும், ‘அவரவர் உரிமைக்கும் நலனுக்கும் உட்பட்டு’ என்ற வாசகத்தோடு பாலிசியில் சேர்த்துக்கொள்வதே நல்லது. தாக்கல் நடந்தபின் பழைய பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் கொங்குப் பகுதியில் சாதாரணமாக நடக்கக்கூடியது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி. பெருந்துறையில் அதற்குச் சாயம் போட்டுத் தரும் ஒரு சாய ஆலைக் கம்பெனி. குடும்பம் ஒன்றுதான், கம்பெனிகள் இரண்டு. சாய ஆலை ஏற்றுமதிக் கம்பெனிக்குள் இணைகிறது. சாய ஆலையின் தீ பாலிசியில் கட்டடமும் இயந்திரமும் ஒரு தலைப்பில் இருக்கின்றன, அதில் சிக்கலில்லை. சரக்கு இரண்டு தலைப்புகளில் இருக்கிறது. சொந்தச் சரக்கு, அதாவது சாயமும் ரசாயனமும், 1 கோடி ரூபாய். கூலி வேலைக்கு வந்திருக்கும் பிறர் துணி, ‘பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கு’ என்ற தலைப்பில் 3 கோடி ரூபாய். அந்த 3 கோடித் துணி ஏற்றுமதிக் கம்பெனி அனுப்பியது.

இணைப்பு முடிந்ததும் அலுவலகத்தில் ஒருவர் கவனமாகவே பெயர் மாற்றக் கடிதம் கொடுக்கிறார். பழைய பெயரை அடித்துப் புதிய பெயரோடு எண்டார்ஸ்மென்ட் வருகிறது. வேறு எதுவும் மாறவில்லை. சில மாதங்கள் கழித்துத் துணி அடுக்கியிருந்த கிடங்கில் தீ. 2 கோடி ரூபாய்த் துணி போய்விட்டது. சர்வேயர் வந்து முதலில் கேட்பது சரக்குப் பதிவேடும் வங்கிக்குக் கொடுத்த இருப்புக் கணக்கும். அவர் பார்ப்பது இதுதான்: இந்தத் துணி இப்போது பிறருடையது அல்ல. இணைப்புக்குப் பிறகு ஆலையும் துணியும் ஒரே கம்பெனியின் சொத்து. ஆகவே ‘பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கு’ என்ற 3 கோடித் தலைப்பில் இதைச் சேர்க்க முடியாது, சொந்தச் சரக்கில்தான் சேர்க்க வேண்டும். சொந்தச் சரக்கின் உண்மை மதிப்பு 1 கோடி ரசாயனமும் 3 கோடித் துணியுமாக 4 கோடி. காப்பீட்டுத் தொகையோ 1 கோடி. நாலில் ஒரு பங்குக்கே காப்பீடு எடுத்திருப்பதால், சேதத்திலும் நாலில் ஒரு பங்குதான் தரப்படும். 2 கோடி இழப்புக்குக் கைக்கு வருவது 50 லட்சம், அதிலும் பாலிசியின் கழிவு போக. ஏற்றுமதிக் கம்பெனியின் சொந்தப் பாலிசியைக் காட்டலாமே என்றால், அதில் ‘வெளியாரின் பதப்படுத்தும் ஆலையில் உள்ள சரக்கு’ என்று எழுதியிருக்கும். இந்த ஆலை இப்போது வெளியாருடையது அல்லவே.

பெயர் மாற்றச் சொன்ன அதே கடிதத்தில் இன்னும் ஒரு வரி இருந்திருந்தால் போதும்: இணைப்பின் காரணமாக, பொறுப்பில் வைத்திருந்த 3 கோடிச் சரக்கு இனிச் சொந்தச் சரக்கு, ஆகவே சொந்தச் சரக்கின் காப்பீட்டுத் தொகையை 4 கோடியாக்கவும். தொகை ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறதே தவிர மொத்தம் கூடவில்லை; பிரீமியத்தில் பெரிய மாற்றம் இருக்காது. கூடுதல் பிரீமியம் கேட்டால் உடனே கட்டிவிட வேண்டும். 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64 வி.பி. பிரிவின்படி பணம் வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் அபாயத்தை ஏற்க முடியாது.

இதே சாய ஆலையின் தொழிலாளர்களையும் யோசித்துப் பாருங்கள். ஊழியர் இழப்பீட்டுப் பொறுப்புக்காகச் சாய ஆலைக்கு ஒரு பாலிசி, ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஒன்று இருக்கும். இணைந்தபின் எல்லோரும் ஒரே சம்பளப் பட்டியலுக்கு வந்துவிடுகிறார்கள். ஏற்றுமதிக் கம்பெனியின் பாலிசியில் எழுதியிருக்கும் வேலை தையலும் பேக்கிங்கும்தான். பாய்லரும் சாயத் தொட்டியும் அதில் இல்லை. சாய ஆலையின் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, எல்லாரும் இதில் அடங்குவார்கள் என்று நினைத்தால், பாய்லர் அருகே விபத்து நடக்கும் நாளில் தகராறு வரும். தொழிலாளியின் குடும்பத்துக்கு முதலாளி பணம் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டக் கடமை. அந்தப் பணம் பாலிசியிலிருந்து வருமா என்பதுதான் கேள்வியாகிவிடும்.

கடிதம் எழுதுவதற்கு முன் பாலிசிகளின் பட்டியலைத் தயார் செய்ய வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேலைதான் உண்மையில் நேரம் பிடிக்கும். தீ பாலிசி நிதிப் பிரிவில் இருக்கும், வண்டி பாலிசிகள் டிரைவர் கையிலோ ஷெட் மேலாளர் மேசையிலோ இருக்கும், குழு மருத்துவக் காப்பீடு மனிதவளப் பிரிவில், சரக்குப் போக்குவரத்துப் பாலிசி ஏற்றுமதிப் பிரிவில், முக்கிய நபருக்கான ஆயுள் பாலிசி முதலாளி வீட்டு அலமாரியில். இ.சி.ஜி.சி. பாலிசியை எல்லோரும் மறந்திருப்பார்கள். கடந்த ஆண்டு வங்கிக் கணக்கை எடுத்து, இன்சூரன்ஸுக்குப் போன ஒவ்வொரு தொகையையும் தேடிப் பிடிப்பதே நம்பகமான வழி. பணம் கட்டாமல் எந்தப் பாலிசியும் ஓடாது.

ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனித்தனிக் கடிதம், அதில் அவர்களிடமுள்ள எல்லாப் பாலிசி எண்களும். கடிதத்தின் நடு வரிகள் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “இன்ன கம்பெனி, தீர்ப்பாயத்தின் இன்ன தேதி உத்தரவுப்படி எங்கள் கம்பெனியோடு இணைந்துவிட்டது. நியமிக்கப்பட்ட தேதி இது, நடைமுறைக்கு வந்த தேதி இது. கீழ்க்கண்ட பாலிசிகள் ஒவ்வொன்றிலும் காப்பீடு பெறுபவராக எங்கள் பெயரை, ‘இன்ன கம்பெனி இணைக்கப்பட்டது’ என்ற குறிப்போடு, இடைவெளி இல்லாமல் பதிவுசெய்து எண்டார்ஸ்மென்ட் அனுப்புங்கள். பழைய கம்பெனி கொடுத்து நிலுவையில் உள்ள கிளைம்களின் தொகையையும் எங்களுக்கே வழங்குங்கள்.” இணைப்பு: தீர்ப்பாய உத்தரவின் சான்றிட்ட நகல், ஐ.என்.சி-28 தாக்கல் செய்த ரசீது, போர்டு தீர்மானம், புதிய கம்பெனியின் பான், ஜி.எஸ்.டி. சான்றிதழ், ரத்துசெய்த காசோலை. பழைய பெயரை அடைப்புக்குறிக்குள்ளாவது தக்கவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய கம்பெனி காலத்தில் விற்ற துணிக்கு நாளை வெளிநாட்டிலிருந்து இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வந்தால், அது பழைய பெயருக்குத்தான் வரும்.

‘பழைய பாலிசியை ரத்து செய்துவிட்டுப் புதிய பெயரில் புதிதாகவே போட்டுத் தருகிறோம்’ என்று சில அலுவலகங்களில் சொல்வார்கள். அவர்களுக்கு அது சுலபம். உங்களுக்கு நல்லதல்ல. குழு மருத்துவக் காப்பீட்டில் ஊழியர்களின் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். கிளைம் வரும் தேதியை வைத்து வேலை செய்யும் பொறுப்புப் பாலிசிகளில் முந்தைய ஆண்டுகளின் பாதுகாப்பே போய்விடலாம். ஓடும் பாலிசியில் எண்டார்ஸ்மென்ட்தான் வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள்.

வண்டிகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவுப்படி, வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே புதிய உரிமையாளருக்கு மாறியதாகக் கருதப்படும். 14 நாளுக்குள் அவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தானாக மாறும் என்பதைப் பலர் முழுப் பாலிசிக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் என்ற கம்பெனி தொடர்ந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சாலையில் அடிபட்டவருக்கான காப்பீடு மட்டுமே தானாக மாறும், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு மாறாது, அதற்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த வழக்கில் ஆர்.சி. மாறியிருந்தது, பாலிசி மாறவில்லை; கம்பெனிக்கு வண்டிச் சேதம் கிடைக்கவில்லை. இணைப்பில் பத்து வண்டிகள் இருந்தால் பத்துக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யும் பாலிசியும் கையோடு கையாக மாற வேண்டும்.

இனி, பங்கு மட்டும் கைமாறியவர்களுக்கு. பெயர் மாறவில்லை, அதனால் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். உங்கள் கம்பெனி இதுவரை ஒரு பெரிய குழுமத்தின் துணை நிறுவனமாக இருந்திருந்தால், பல பாலிசிகள் தாய் நிறுவனத்தின் பெயரில் ‘மற்றும் அதன் துணை நிறுவனங்கள்’ என்று எடுக்கப்பட்டிருக்கும. பங்கு கைமாறிய அன்று நீங்கள் துணை நிறுவனம் அல்ல. அந்தப் பாலிசிகளின் பாதுகாப்பிலிருந்து அன்றே வெளியே வந்துவிடுகிறீர்கள், யாரும் கடிதம் போட்டுச் சொல்லமாட்டார்கள். பங்கு மாற்ற நாளுக்கு முன்பே சொந்தப் பெயரில் பாலிசி தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இயக்குநர்கள் மற்றும் அதிகாரிகளுக்கான பொறுப்புக் காப்பீடு. பாதிக்கு மேல் பங்கு வேறு கைக்குப் போனால் கட்டுப்பாடு மாறியதாக இந்தப் பாலிசி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நடக்கும் எந்தத் தவறுக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. முன்பு நடந்தவற்றுக்கு மட்டும், அதுவும் பாலிசிக் காலம் முடியும்வரைதான். விலகிப்போகும் இயக்குநர்கள் மீது மூன்று ஆண்டு கழித்து வழக்கு வந்தால் என்ன செய்வது? அதற்காகவே நீட்டிப்புக் காப்பீடு வாங்குகிறார்கள், பொதுவாக ஆறு ஆண்டுக்கு. அதற்கான பணத்தை விற்பவர் கட்டுவதா, வாங்குபவர் கட்டுவதா என்பதைப் பங்கு விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு பேசினால் யாரும் கட்டமாட்டார்கள்.

எண்டார்ஸ்மென்ட் வந்ததும் உறையைப் பிரித்துப் படிக்க வேண்டும். பெயரின் எழுத்து, பாலிசி எண், நடைமுறைத் தேதி, ஜி.எஸ்.டி. எண், பிறகு வங்கியின் பெயர். கடன் கொடுத்த வங்கியின் பெயர் பாலிசியில் இருக்கும், கிளைம் பணம் முதலில் அங்கேதான் போகும். அந்த வங்கியே இன்னொன்றோடு இணைந்திருக்கலாம். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது; அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பழைய வங்கியின் பெயர் உங்கள் பாலிசியில் இன்னும் இருந்தால் அதையும் இதே கடிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர்களுக்கும் கம்பெனிச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இணைப்புத் திட்டத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் வேலைப் பட்டியலில் பதிவாளர், வருமான வரி, ஜி.எஸ்.டி., வருங்கால வைப்பு நிதி எல்லாம் இருக்கும். அதில் ஐ.என்.சி-28 என்ற வரிக்கு மேலே இன்சூரன்ஸ் என்ற வரியையும் சேருங்கள். அதற்கு எதிரே ‘கடிதம் கொடுத்தாயிற்று’ என்று எழுதி முடிக்காதீர்கள். ஒவ்வொரு பாலிசிக்கும் வந்த எண்டார்ஸ்மென்ட் எண்ணை எழுதுங்கள்.